அலமாரியில் தூங்கும் பழைய பாஸ்போர்ட்

திருச்சியில் அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று. நியூ ஜெர்சியில் இருக்கும் மகன், எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன், வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா கொடுக்கும் ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தார். இரண்டு வாரத்தில் ஒரு வரி மின்னஞ்சல் வந்தது. பழைய இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்ததற்கான சரண்டர் சான்றிதழ் இணைக்கப்படவில்லையாம். “என்னோட இந்தியப் பாஸ்போர்ட் 2017லயே காலாவதி ஆயிடுச்சே, செத்துப்போன பாஸ்போர்ட்டை எதுக்கு சரண்டர் பண்ணச் சொல்றாங்க?” என்று என்னிடம் கேட்டார். அவர் அமெரிக்கக் குடியுரிமை உறுதிமொழி எடுத்தது 2014இல்.

இதே கேள்வியை வேறு வேறு வாயிலிருந்து நிறையக் கேட்டிருக்கிறேன். பதில் சொல்ல, சட்டம் எந்த நொடியில் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

1955ஆம் ஆண்டின் இந்தியக் குடியுரிமைச் சட்டத்தில் குடியுரிமை போவதற்கு இரண்டு வழிகள் அடுத்தடுத்த பிரிவுகளில் இருக்கின்றன. 8ஆம் பிரிவு, ஒருவர் தானே முன்வந்து “எனக்கு வேண்டாம்” என்று எழுதிக் கொடுத்துத் துறப்பது. 9ஆம் பிரிவு வேறு மாதிரி. ஒருவர் தன் விருப்பத்தில் இன்னொரு நாட்டின் குடியுரிமையைப் பெற்றால், பெற்ற அந்தக் கணமே இந்தியக் குடியுரிமை தானாக நின்றுவிடும். யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, எதிலும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. நீதிமன்ற அரங்கில் கையைத் தூக்கி உறுதிமொழி சொல்லி முடித்தபோதே அண்ணன் இந்தியக் குடிமகன் இல்லை. பாஸ்போர்ட்டில் 2017 என்று அச்சடித்திருந்தது அதற்கு மேல் ஒரு அர்த்தமும் இல்லாத எண்.

ஆகவே சரண்டர் சான்றிதழ் யாருடைய குடியுரிமையையும் பறிப்பதில்லை. பறிபோனதைப் பதிவு செய்கிறது, அவ்வளவுதான். நம்மில் பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறோம். “நான் இன்னும் சரண்டர் பண்ணலை, அதனால இன்னும் இந்தியன்தான்” என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். உணர்வுக்கு அது சரி. சட்டத்துக்கு அவர் கையில் இருப்பது தனக்கு உரிமையில்லாத ஒரு பாஸ்போர்ட்.

இந்த வேறுபாடு சொற்களை வைத்து விளையாடுவது இல்லை என்பதை 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் காட்டியது. 1998 டிசம்பரில் சிங்கப்பூர் குடியுரிமை பெற்ற ஒரு தம்பதிக்கு 1999 மார்ச்சில் அங்கே ஒரு மகன் பிறந்தான். பெற்றோர் குடியுரிமை மாறியபோது அவன் தாயின் வயிற்றில் இருந்தான். வளர்ந்து பெரியவனானதும் இந்தியக் குடியுரிமையை மீண்டும் பெற விண்ணப்பித்தான். 8ஆம் பிரிவில் அதற்கு ஒரு கதவு இருக்கிறது. பெற்றோர் துறந்ததால் குடியுரிமை இழந்த பிள்ளை, 18 வயதான ஓராண்டுக்குள் திரும்பக் கேட்கலாம். சென்னை உயர் நீதிமன்றம் அவன் பக்கம் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் மாற்றியது. அந்தப் பெற்றோரின் குடியுரிமை 8ஆம் பிரிவில் துறந்ததால் போகவில்லை, சிங்கப்பூர் குடியுரிமை பெற்றதால் 9ஆம் பிரிவின்படி தானாகப் போயிற்று. எனவே 8ஆம் பிரிவு பிள்ளைகளுக்குத் திறந்து வைத்திருக்கும் கதவு இவனுக்கு இல்லை என்பது தீர்ப்பின் சாரம். வீட்டில் யாராவது “பையன் பெரியவனானதும் திரும்ப வாங்கிக்கலாம்” என்று சொன்னால் இந்தத் தீர்ப்பைச் சொல்லுங்கள்.

தானாகப் போய்விட்டதென்றால் காகிதம் எதற்கு? தானாகப் போனது இந்திய அரசின் ஏட்டுக்குத் தெரியாது என்பதுதான் காரணம். அமெரிக்காவில் யார் உறுதிமொழி எடுத்தார்கள் என்று டெல்லிக்கு யாரும் பட்டியல் அனுப்புவதில்லை. பாஸ்போர்ட் வெளியுறவு அமைச்சகத்தின் பொறுப்பு. ஓசிஐயும் விசா விதிகளும் உள்துறை அமைச்சகத்தின் கையில். பாஸ்போர்ட் ஏட்டில் அண்ணனின் எண் திறந்தே கிடக்கிறது. காலாவதியான பாஸ்போர்ட்டும் அப்படித்தான், ஏனென்றால் காலாவதியானதைக் காட்டி யாரும் புதுப்பிக்கக் கேட்கலாம். இந்திய ஏட்டைப் பொறுத்தவரை அண்ணன் புதுப்பிக்க மறந்துபோன ஓர் இந்தியர்.

ஓசிஐ விண்ணப்பத்தில் அவர் இரண்டு விஷயங்களை ஒரே நேரத்தில் நிரூபிக்க வேண்டும். ஒரு காலத்தில் இந்தியனாக இருந்தேன், இப்போது இல்லை. பழைய பாஸ்போர்ட் முதலாவதைச் சொல்லும், அமெரிக்கப் பாஸ்போர்ட் இரண்டாவதைச் சொல்லும். இரண்டும் ஒரே ஆள்தான், அந்தப் பழைய எண் மூடப்பட்டுவிட்டது என்று சொல்ல மூன்றாவதாக ஒரு தாள் வேண்டும். சரண்டர் சான்றிதழின் வேலை அதுதான். பழைய பாஸ்போர்ட் எண், புதிய குடியுரிமை, அதைப் பெற்ற தேதி மூன்றும் ஒரே பக்கத்தில் வரும். இந்தியாவுக்குச் சாதாரண விசா கேட்டாலும் முன்னாள் இந்தியர் என்று தெரிந்தால் இதைக் கேட்கிறார்கள். இணையவழி விசா படிவத்திலும் முந்தைய குடியுரிமை என்ன, இப்போதையது பிறப்பால் வந்ததா பிறகு பெற்றதா என்ற கட்டங்கள் இருக்கின்றன. அங்கே பொய் எழுதுவது தனிச் சிக்கல்.

இந்த நடைமுறை இப்போதைய கறாரான உருவத்துக்கு வந்தது 2010இல். அந்த ஆண்டு ஜூன் 1 ஒரு எல்லைக் கோடு. அமெரிக்காவில் முதலில் 175 டாலர் கட்டணம் என்று அறிவித்ததும் பல ஆண்டுகளுக்கு முன்பே குடியுரிமை மாறியிருந்தவர்கள் கொதித்துப் போனார்கள். எதிர்ப்புக்குப் பிறகு, அந்தத் தேதிக்கு முன்பே வேறு குடியுரிமை பெற்றவர்களுக்குக் கட்டணம் வெகுவாகக் குறைக்கப்பட்டது. அதனால்தான் 1990களில் குடியுரிமை மாறிய பெரியவர்களின் அனுபவத்தை அப்படியே நம்பி நடக்கக் கூடாது. “எங்க காலத்துல இதெல்லாம் யாரும் கேக்கல” என்று அவர்கள் சொல்வது உண்மைதான், ஆனால் 2014இல் உறுதிமொழி எடுத்த அண்ணனுக்கு அது உதவாது.

அண்ணனுக்கு வருவதற்கு முன், இன்னும் மோசமான ஒரு நிலையைச் சொல்லிவிடுகிறேன். இந்தியப் பாஸ்போர்ட்டில் இன்னும் மூன்று ஆண்டு பாக்கி இருக்கிறது, அமெரிக்கப் பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது, சரண்டர் செய்யவில்லை. நள்ளிரவில் ஊரிலிருந்து ஃபோன், அப்பா போய்விட்டார். விசா கிடையாது, ஓசிஐ கிடையாது. கையில் இந்தியப் பாஸ்போர்ட் இருக்கிறதே என்று அதைக் காட்டி விமானம் ஏறினால் விமான நிறுவனத்துக்கு ஒன்றும் தோன்றாது. சென்னையில் இறங்கும்போதும் முத்திரை விழும். சிக்கல் திரும்பும்போதுதான். கிரீன் கார்டை உறுதிமொழி விழா அன்றே வாங்கி வைத்துக்கொண்டார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இல்லை. “எதை வெச்சு அமெரிக்கா போறீங்க?” என்று சென்னை இமிகிரேஷன் கவுண்டரில் கேட்டால், நீலநிற அமெரிக்கப் பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டுவதைத் தவிர வழியில்லை. காட்டிய கணத்தில், குடியுரிமை போன பிறகும் இந்தியப் பாஸ்போர்ட்டில் பயணம் செய்ததை நம் வாயாலேயே சொன்னதாகிறது. 1967ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டப்படி அது குற்றம்.

அங்கே எப்படியோ தப்பினாலும், பின்னால் சரண்டர் செய்யும்போது பாஸ்போர்ட் அதிகாரியின் மேசைக்குப் போகும். அவர் முதலில் பார்ப்பது இரண்டைத்தான், குடியுரிமைச் சான்றிதழில் உள்ள தேதியும், பாஸ்போர்ட் பக்கங்களில் உள்ள முத்திரைத் தேதிகளும். முத்திரை பிந்தியது என்றால் அபராதம், பயணத்துக்குப் பயணம் கூடும். நீண்ட நாள் வைத்திருந்ததற்கும் தனி அபராதம் உண்டு. சரண்டர் கட்டணத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கட்டணம் எல்லோருக்கும் உண்டு, அபராதம் தாமதித்தவர்களுக்கும் தவறாகப் பயன்படுத்தியவர்களுக்கும் மட்டும்.

நம் அண்ணன் அந்தத் தவறைச் செய்யவில்லை. 2014க்குப் பிறகு அவர் இந்தியா போகவே இல்லை. அவருக்கு வந்த முதல் இடையூறு வேறொன்று, தமிழர்களுக்கென்றே வைத்த மாதிரி ஒரு இடையூறு. அதன் பெயர் பெயர்.

அவருக்கு முருகன் என்று வைத்துக்கொள்வோம், அப்பா செல்வராஜ். வீட்டிலும் பள்ளியிலும் செ. முருகன். இந்தியப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி, கொடுத்த பெயர் என்ற இடத்தில் முருகன். அமெரிக்க விசா எடுக்கும்போது அவர்கள் கணக்கில் ஒற்றைப் பெயர் எப்போதும் குடும்பப் பெயராகவே போகும், முதல் பெயர்க் கட்டத்தில் FNU என்று மூன்று எழுத்து விழும். முதல் பெயர் தெரியாது என்று அதற்கு அர்த்தம். பதினைந்து வருடம் வங்கியிலும் மருத்துவமனையிலும் அவரை “மிஸ்டர் ஃப்னு” என்று கூப்பிட்டிருக்கிறார்கள். வெறுத்துப்போய்க் குடியுரிமை விண்ணப்பத்திலேயே பெயர் மாற்றம் கேட்டார். உறுதிமொழி விழா நீதிமன்றத்தில் நடந்ததால் நீதிபதி ஆணையோடு முருகன் செல்வராஜ் ஆனார்.

இப்போது பார்த்தால் பழைய பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், கிரீன் கார்டில் ஒரு பெயர், குடியுரிமைச் சான்றிதழிலும் அமெரிக்கப் பாஸ்போர்ட்டிலும் இன்னொரு பெயர். சரண்டர் படிவத்தை அவர் முதலில் நிரப்பியது புதிய பெயரில். பழைய எண்ணோடு அது பொருந்தவில்லை, திரும்பி வந்தது. பழைய பாஸ்போர்ட் பற்றிய கட்டங்களில் அதில் அச்சடித்திருப்பது போலவே, குடும்பப் பெயரைக் காலியாக விட்டு எழுத வேண்டும். புதிய பெயருக்கு நீதிமன்ற ஆணையின் நகலை இணைக்க வேண்டும். குடியுரிமைச் சான்றிதழோடு அன்றைக்குக் கொடுத்த அந்த ஒற்றைத் தாளைப் பலர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அண்ணன் வீட்டில் அது வருமான வரிக் கோப்புக்குள் கிடந்தது.

மற்றபடி விண்ணப்பம் பெரிய வித்தை இல்லை. அந்தப் பகுதிக்கான இந்தியத் தூதரகத்தின் பாஸ்போர்ட் இணையதளத்தில் சரண்டர் சான்றிதழ் என்ற சேவையைத் தேர்ந்து படிவம் நிரப்பி, அச்செடுத்து, புகைப்படம் ஒட்டி, மூலப் பாஸ்போர்ட்டோடு தூதரகம் நியமித்த சேவை மையத்துக்கு அனுப்ப வேண்டும். அமெரிக்கப் பாஸ்போர்ட், குடியுரிமைச் சான்றிதழ் இரண்டின் நகல்களும் கூடவே போகும். எந்தத் தூதரகம் என்பதை வீடு இருக்கும் மாநிலம் முடிவு செய்கிறது. பக்கத்து மாநிலத்துக்கு மாறிப்போனால் முகவரி ஆதாரமும் மாற வேண்டும். அதில் அசந்து கொரியர் செலவை இரண்டு முறை கொடுத்தவர்கள் உண்டு.

கால வரிசையில் ஒரு சின்னக் கண்ணி இருக்கிறது. முதல் அமெரிக்கப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போது மூலக் குடியுரிமைச் சான்றிதழை அவர்களுக்கு அனுப்பிவிடுகிறோம். பாஸ்போர்ட் ஒரு உறையில் வரும், சான்றிதழ் தனி உறையில் பின்னால் வரும். இடைப்பட்ட வாரங்களில் கையில் அது இருக்காது. ஆகவே உறுதிமொழி எடுத்த அன்றைக்கே, அனுப்புவதற்கு முன், சான்றிதழை நல்ல ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

தூதரகத்திலிருந்து இரண்டு பொருள்கள் திரும்பி வரும். ஒன்று சான்றிதழ். இன்னொன்று பழைய பாஸ்போர்ட், ரத்து முத்திரையோடு. சரண்டர் என்றதும் பாஸ்போர்ட்டையே பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயந்து தள்ளிப்போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் போதும்.

அண்ணனுக்கு அப்பா என்ற முறையில் வந்த இடையூறுதான் பெரியது. மகன் 2003இல் திருச்சியில் பிறந்தவன், நான்கு வயதில் அமெரிக்கா வந்தவன். 2014இல் அப்பா உறுதிமொழி எடுத்தபோது அவனுக்கு 11 வயது, கையில் கிரீன் கார்டு இருந்தது. அமெரிக்காவில் 2001 பிப்ரவரி 27 முதல் நடைமுறையில் உள்ள சட்டத்தின்படி, 18 வயதுக்குக் கீழே, நிரந்தர வசிப்புரிமையோடு, குடிமகனான பெற்றோரின் பொறுப்பில் அங்கே வாழும் பிள்ளை தானாகவே அமெரிக்கக் குடிமகன் ஆகிவிடுகிறது. விழா கிடையாது, உறுதிமொழி கிடையாது. தனியே விண்ணப்பித்து வாங்கினால் ஒழிய அவன் பெயரில் சான்றிதழும் வராது. வீட்டில் அவனுக்கு நேராக அமெரிக்கப் பாஸ்போர்ட் எடுத்தார்கள். அவனுடைய இந்தியப் பாஸ்போர்ட்டை எல்லோரும் மறந்துபோனார்கள்.

இப்போது இருபது வயதைத் தாண்டிய பையன், பாட்டியைப் பார்க்க அப்பாவோடு வர ஓசிஐ கேட்கிறான். அவனுக்கும் தனிச் சரண்டர் சான்றிதழ் வேண்டும், அப்பாவின் சான்றிதழில் பிள்ளை அடங்காது. எந்தத் தேதியில் குடியுரிமை பெற்றாய் என்ற கேள்விக்கு அவனிடம் காட்டத் தாள் இல்லை. அப்பா உறுதிமொழி எடுத்த தேதிதான் அவன் தேதியும். ஆகவே அப்பாவின் குடியுரிமைச் சான்றிதழ், அப்பாவின் பெயருள்ள பிறப்புச் சான்றிதழ், அவனுடைய அமெரிக்கப் பாஸ்போர்ட் மூன்றையும் சேர்த்துக் காட்ட வேண்டியிருந்தது. பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் முருகன், குடியுரிமைச் சான்றிதழில் முருகன் செல்வராஜ். மறுபடியும் அந்த நீதிமன்ற ஆணை.

அதோடு, பையனின் பழைய பாஸ்போர்ட் வீடு மாறியபோது தொலைந்திருந்தது. தொலைந்த பாஸ்போர்ட்டையும் சரண்டர் செய்யத்தான் வேண்டும். மூலத்துக்குப் பதிலாகக் காவல்துறையில் புகார் கொடுத்த அறிக்கையும், எப்படித் தொலைந்தது என்று நோட்டரி முன் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரமும் போக வேண்டும். இவற்றைவிட முக்கியமானது பாஸ்போர்ட்டின் எண். எண் இல்லாவிட்டால் ஏட்டில் எதை மூடுவது? அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நினைவில்லை, நகல் இல்லை. இரண்டு நாள் தேடிய பிறகு அண்ணனுக்கு ஒரு யோசனை வந்தது. கிரீன் கார்டு வாங்கிக் கொடுத்த வழக்கறிஞர் அலுவலகத்துக்கு எழுதினார். அவர்கள் கோப்பில் குடும்பத்தில் எல்லோருடைய பாஸ்போர்ட் பக்கங்களும் விசா ஸ்டிக்கரும் ஸ்கேனாக இருந்தன. விசா ஸ்டிக்கரிலும் பாஸ்போர்ட் எண் அச்சாகியிருக்கும் என்பதால், ஒன்று மங்கலாக இருந்தாலும் மற்றொன்றில் படிக்க முடிந்தது.

அப்பாவின் சான்றிதழ் முதலில் வந்தது. அறுவை சிகிச்சைக்கு அவர் மட்டும் அதைக் காட்டி விசா எடுத்துப் போனார், அம்மா வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் மகனின் சான்றிதழ் வந்து சேர்ந்தது. இருவருக்கும் ஓசிஐ அதற்குப் பிறகு.

ஊரிலிருந்து வந்ததும் அண்ணன் பழைய பாஸ்போர்ட்டை, ரத்து முத்திரை விழுந்தாயிற்று, இனி எதற்கு என்று தூக்கிப்போடப் பார்த்தார். தடுத்தேன். ஓசிஐ சட்டப்படி இந்தியக் குடிமகனாக இருந்தவரின் பிள்ளைக்கு மட்டுமல்ல, பேரனுக்கும் கொள்ளுப்பேரனுக்கும் அந்தத் தகுதி உண்டு. அந்தப் பையனுக்கு அமெரிக்காவில் ஒரு பிள்ளை பிறந்து, அதற்கு ஓசிஐ எடுக்கும் நாளில், “உங்கள் குடும்பத்தில் இந்தியக் குடிமகனாக இருந்தவர் யார்?” என்று கேட்பார்கள். மகனின் பாஸ்போர்ட் தொலைந்துவிட்டது. திருச்சியில் பிறந்தான் என்பதையும் அவனுடைய சரண்டர் சான்றிதழையும் தாண்டிக் குடியுரிமையை நேராகச் சொல்ல அந்த வீட்டில் மிச்சம் இருப்பது, ரத்து முத்திரை விழுந்த அப்பாவின் பாஸ்போர்ட்டும் அதோடு வந்த அந்த ஒரு பக்கமும்தான். இரண்டும் இப்போது பிறப்புச் சான்றிதழ்கள் இருக்கும் அதே உறையில், நீதிமன்ற ஆணைக்கு அடியில் இருக்கின்றன.